வறுக்கப்பட்ட கடலை யாரும் வாங்குவதில்லை

போன மாதம் எங்கள் சிறு மாத இதழுக்கு ஓய்வுபெற்ற குழந்தைநல மருத்துவர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசலை எப்படிக் கொடுப்பது என்பதுதான் பொருள். மொத்தம் 1,140 சொல். எங்களிடம் இருந்த இடம் இரண்டு பக்கம், படம் போக 800 சொல். அந்த இதழில் மெய்ப்புப் பார்ப்பது, திருத்துவது, ஆள் வராத மாதங்களில் தபால்தலை ஒட்டுவது எல்லாம் என் வேலை.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

"வயிற்றுப்போக்கு என்பது குழந்தைகளிடையே பரவலாகக் காணப்படக்கூடிய ஒரு நோயாகும் என்பது நாம் அனைவரும் அறிந்த ஒன்றே. இந்நோயினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலானது உரிய அளவு நீரில் தயாரிக்கப்பட்டு, சிறிது சிறிதாக வழங்கப்பட வேண்டியது மிகவும் அவசியமானதாகக் கருதப்படுகிறது."

டாக்டரை நேரில் பார்த்தால் இப்படிப் பேசவே மாட்டார். தம்பி, ராசா என்று தோளில் கைபோட்டுப் பேசுகிற மனிதர். பேனாவைப் பிடித்ததும் ஏதோ ஒரு அரசாணை உள்ளே புகுந்துவிடுகிறது. அவர் மட்டும் இல்லை, நானும் விண்ணப்பம் எழுதினால் இப்படித்தான்.

சரி, முதலில் தயாரிக்கப்பட்டு, வழங்கப்பட மாதிரியான செயப்பாட்டுவினைகளை எண்ணிப் பார்க்கலாம் என்று கோப்பை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டு இந்த ஒரு வரியை ஓட்டினேன்:

```
grep -oE '[^ ]*ப்பட[^ ]*' ors.txt | sort | uniq -c | sort -rn
```

வழங்கப்பட்டது, வழங்கப்படும், வழங்கப்பட என்று எந்த உருவில் இருந்தாலும் "ப்பட" நடுவில் இருக்கும் என்பதால் எல்லாம் மாட்டும். 47 விழுந்தன. ஆனால் எல்லாமே செயப்பாட்டுவினை இல்லை. பயப்பட, புறப்பட்டு, தேவைப்படும் போன்றவையும் அதே வலையில் சிக்கும். அவை நல்ல தமிழ்ச் சொற்கள், அவற்றைத் தொடத் தேவையில்லை. அப்படி ஒன்பதைக் கழித்ததும் 38 மிஞ்சின. 1,140 சொல்லுக்கு 38. "கருதப் படுகிறது" என்று இடைவெளி விட்டு அடித்திருந்தால் இந்த வரி அதைப் பிடிக்காது. அப்படி இரண்டைப் பின்னால் கண்ணால்தான் கண்டுபிடித்தேன்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து வெட்டினேன். என்பது, ஆகும், ஆனது, குறிப்பிடத்தக்கது எல்லாம் போயின. கருதப்படுகிறது போனது. 38இல் 35 செயப்பாட்டுவினைகள் போயின. 1,140 சொல் 610 ஆனது. எனக்கு ஒரே பெருமை. தயாரிப்பு முறை இருந்த பத்தி இப்படி ஆகியிருந்தது:

"ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும். சிறிது சிறிதாகக் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தவும். பின் மீண்டும் கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டவும்."

மறுநாள் காலை அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள், இரண்டு பிள்ளை வளர்த்தவள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"என்னடா இது, மருந்துப் பாட்டில்ல ஒட்டின சீட்டு மாதிரி இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ள வயித்தால போயிட்டு இருக்கும், அவ கையும் காலும் நடுங்கிட்டு இருப்பா. அவகிட்ட போய் கரைக்கவும் கொட்டவும்னா? யார்ரா நீ, தாசில்தாரா?"

வெட்டியதில் தவறு இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இடம் இல்லை, சுருக்கமாகத்தானே இருக்க முடியும்? பிறகு டாக்டரின் மூலத்தையும் என் வெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலம் வளவளவென்று இருந்தாலும் மிரட்டவில்லை. என்னுடையது மிரட்டியது. நான் எடுத்த சொற்களில் ஒன்றுகூட அன்பான சொல் இல்லை. அப்படியிருந்தும் எடுத்ததும் அன்பு எங்கே போனது என்பதுதான் புரியவில்லை.

வாய்விட்டுப் படித்தபோது புரிந்தது. மூன்று இடத்தில் சொதப்பியிருந்தேன்.

முதலாவது அந்த "-வும்". "வழங்கப்பட வேண்டும்" என்பதில் யார் வழங்க வேண்டும் என்பது இல்லை. அதை எடுக்கும்போது அந்த யாரோ ஒருவர் படிக்கிறவராக மாறியாக வேண்டும். நான் மாற்றினேன், ஆனால் "கொடுக்கவும்" என்று மாற்றினேன். இந்த -வும் அறிவிப்புப் பலகையின் விகுதி. வரிசையில் நிற்கவும், செருப்பைக் கழற்றவும். யாரும் யாரிடமும் நேரில் இப்படிப் பேசுவதில்லை. "கொடுங்கள்" என்றால் அதே ஆணைதான், அதே நீளம்தான், எதிரில் ஒரு ஆள் வந்துவிடுகிறார்.

இரண்டாவது, ஒவ்வொரு செயலையும் தனி வாக்கியமாக நறுக்கியது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் தெளிவாக இருக்கும் என்று எங்கேயோ படித்து மனதில் பதிந்துபோயிருக்கிறது. தமிழில் செயல்கள் ஒன்றையொன்று கைபிடித்துப் போகும்: காய்ச்சி, ஆறவைத்து, கரைத்து, கொடுங்கள். நான்கு வேலைக்கு ஒரே ஒரு முற்றுவினை. சமையல் சொல்லித் தருகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், இப்படித்தான் சொல்வார்கள். நான்கையும் முற்றுவினையாக்கினால் நான்கு முறை உத்தரவு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. என் பத்தியில் ஆறு வரிக்கு ஆறு உத்தரவு.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. நிரப்புச் சொற்களோடு காரணத்தையும் சேர்த்து வெட்டியிருந்தேன். டாக்டர் எழுதியிருந்தார்: "ஒரே நேரத்தில் அதிக அளவில் வழங்கப்படுமாயின் வாந்தி ஏற்படக்கூடிய வாய்ப்பு உள்ளது என்பதால் சிறிது சிறிதாக வழங்கப்படுவதே சிறந்ததாகும்." இதில் பாதி தவிடு. ஆனால் நடுவில் ஒரு "என்பதால்" இருக்கிறது. காரணம் சொல்கிறவர் அதட்டுவதில்லை. அதை நான் தவிட்டோடு தூற்றிவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் அந்தப் பத்தியை இப்படி எழுதினேன்:

"காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மடமடவென்று குடித்தால் வாந்தி வரும், அதனால்தான் கரண்டி. வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் பொறுத்திருந்து மறுபடி கொடுங்கள், இந்தமுறை இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைத்ததில் மீதி இருந்தால் 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்."

என் முதல் வெட்டைப்போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். ஆனால் டாக்டரின் மூலத்தில் இதே விஷயம் இன்னும் நீளமாக இருந்தது. எங்கே கூடியிருக்கிறது என்று பார்த்தால், காரணமும் விவரமும் போக, மீதி துணைவினைகளில்தான். கரைத்துக்கொள்ளுங்கள், கொடுத்துக்கொண்டே இருங்கள், கொட்டிவிட்டு. அகராதிப்படி "கொள்", "விடு" இரண்டும் இங்கே வெட்டக்கூடியவை; "கரையுங்கள்" என்றாலே பொருள் வந்துவிடும். ஆனால் தமிழில் பேசுகிற குரலின் கனிவு இருப்பது இந்த வால்களில்தான். "தான்", "-ஏ", "கூட" ஆகியவையும் அப்படியே. தேடி அழிக்கும் பட்டியலில் இவற்றைச் சேர்க்காதீர்கள் என்று நான் யாருக்காவது சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஆனால் எந்த வாலையும் எங்கேயும் ஒட்டிவிட முடியாது. ஒரு இடத்தில் "கொடுத்துப் பாருங்கள்" என்று போட்டிருந்தேன். கனிவாகத்தான் இருந்தது. கொடுத்தும் பலன் இல்லாமல் போகலாம் என்கிற தொனி அதில் இருப்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். எடுத்துவிட்டேன்.

"கூடாது" "வேண்டாம்" ஆனதையும் பாருங்கள். தாய்ப்பால் விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு தயக்கம், அதைப் போக்கினால் போதும், "வேண்டாம்" போதும். ஆனால் பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கிள்ளி டம்ளரில் உத்தேசமாகக் கரைப்பதைப் பற்றிய வரியில் "கூடாது" என்றே விட்டேன். அங்கே உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. அந்த ஒரு வரி கடுமையாக இருக்கட்டும். மற்றதெல்லாம் இதமாக இருந்தால்தான் இது உறைக்கும்.

இனி அந்த 38க்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்ற முடியவில்லை.

பாதிக்கு மேல், படிக்கிறவர் செய்ய வேண்டிய வேலைகள். அவை -உங்கள் ஆகிவிட்டன. அதில் பேச ஒன்றும் இல்லை.

சில இடங்களில் யார் செய்தார் என்பதே செய்தி. டாக்டர் ஒரு பத்தி வரலாறும் எழுதியிருந்தார்: "1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது பங்கான் என்ற இடத்தில் அமைக்கப்பட்டிருந்த அகதிகள் முகாமில் காலரா நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இக்கரைசல் வழங்கப்பட்டு, பெருமளவில் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது." முதல் வெட்டில் இந்தப் பத்தியையே தூக்கியிருந்தேன். வழங்கியது யார், தவிர்த்தது யார் என்று டாக்டரிடம் கேட்டதும் போனில் கால்மணி நேரம் பேசினார். அவர் சொன்னதை வைத்து இப்படி ஆனது:

"1971இல் வங்கதேசப் போருக்குத் தப்பி எல்லையோர ஊரான பங்கானில் அகதிகள் வந்து குவிந்தார்கள். முகாமில் காலரா பரவியது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்துக் குடிக்கவைத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது."

செயப்பாட்டை எடுத்தால் வாக்கியம் சுருங்கும் என்பார்கள். இங்கே சொல் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது, நான் கவலைப்படவில்லை. "வழங்கப்பட்டு" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு டாக்டரும் டிரம்களும் குவளை பிடித்த அம்மாக்களும் அடைந்து கிடந்தார்கள். அதிலும் அந்தக் கடைசி ஆட்கள்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அன்றைக்கு நர்ஸ் பயிற்சி இல்லாத சொந்தக்காரர்களால் முடிந்ததென்றால், இன்றைக்குப் படிக்கிற அம்மாவாலும் முடியும் என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது.

மீதி இடங்களில் யார் செய்தார் என்பது யாருக்கும் தேவையே இல்லை. "கொதிக்கவைக்கப்பட்டு ஆறவைக்கப்பட்ட நீர்", "கரைசல் தயாரிக்கப்பட்டு 24 மணி நேரம் கடந்துவிட்டால்". இங்கே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அபத்தமாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் செயப்பாட்டுவினையை விட்டால் வேறு வழி குறைவு. நமக்கு அந்தக் கவலை கிடையாது. வறுத்த கடலை, காய்ச்சிய பால், வெட்டிய மரம். கடலை தன்னைத்தானே வறுத்துக்கொள்ளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் போய் வறுக்கப்பட்ட கடலை நூறு கிராம் கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமாதிரிப் பார்ப்பார். அதனால் "காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்", "கரைத்து 24 மணி நேரம் ஆகிவிட்டால்". முடிந்தது வேலை.

இது புதிய வசதியும் இல்லை. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்கம்தான் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலேயே ஒரு நூற்பா இருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". திண்ணை எதை மெழுகும்? யாரோ மெழுகினார்கள். அந்த யாரோ தேவையில்லை என்பதால் திண்ணையே எழுவாய் ஆகிவிட்டது. இன்றைக்கும் சோறு வடித்தாயிற்று, வீடு கட்டி முடிந்தது என்கிறோம்.

கடைசியில் ஐந்து செயப்பாட்டுவினைகள் தங்கிவிட்டன. "பாதிக்கப்பட்ட குழந்தை" அவற்றில் ஒன்று. மாற்றிப் பார்த்தேன், "நோய் பாதித்த குழந்தை" என்று வந்தது. அது அதைவிட விறைப்பு. விட்டுவிட்டேன். பழகித் தேய்ந்த சொற்றொடரை நோண்டினால் படிக்கிறவர் கண் அங்கேயே நிற்கும்.

தயக்கச் சொற்களில்தான் அதிக நேரம் போனது. கூடும், வாய்ப்புள்ளது, எனலாம், கருதப்படுகிறது, ஓரளவிற்கு, பெரும்பாலும், பொதுவாக. முதல் சுற்றில் இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருந்தேன். ஒன்றில் வசமாக மாட்டினேன். மூலத்தில் "பெரும்பாலும் வாந்தி சில மணி நேரத்தில் நின்றுவிடக்கூடும்" என்று இருந்ததை "வாந்தி சில மணி நேரத்தில் நின்றுவிடும்" என்று ஆக்கியிருந்தேன். டாக்டர் அதைப் படித்ததும் குரல் மாறியது.

"தம்பி, இத நம்பி ஒரு அம்மா ராத்திரி பூரா வீட்லயே உக்காந்திருந்தா? நிக்காத புள்ளையும் இருக்கே. அந்தப் புள்ளைக்காகத்தான் நான் பெரும்பாலும்னு போட்டேன்."

அதற்குப் பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன். மொத்தம் 19 தயக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: சார், இது உங்களுக்கே நிச்சயமில்லாததா, இல்லை அடித்துச் சொல்ல வேண்டாமே என்று போட்டதா?

"வயிற்றுப்போக்கு இக்கரைசலினால் ஓரளவிற்குக் கட்டுக்குள் வர வாய்ப்புள்ளதாகக் கருதப்படுகிறது" என்ற வரியைப் படித்துக் காட்டினேன். அவரே சிரித்துவிட்டார். "அது பேதியை நிறுத்துற மருந்தே இல்லப்பா. போற தண்ணியையும் உப்பையும் திரும்பக் குடுக்குது, அவ்வளவுதான்." ஆக, ஓரளவிற்கு, வாய்ப்புள்ளது, கருதப்படுகிறது என்று மூன்று போர்வை போர்த்தியிருந்த வாக்கியத்துக்குள் ஒரு திட்டவட்டமான உண்மை இருந்தது, அதுவும் வாக்கியம் சொன்னதற்கு நேர் எதிராக. போர்வையை மட்டும் உருவியிருந்தால் தவறான வரி ஒன்று அச்சாகியிருக்கும். தயக்கம் மூன்றடுக்காக இருக்கும் இடத்தில் சொல்லைத் திருத்துவதற்கு முன் விஷயத்தைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். புதிய வரி:

"ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, பேதியில் போகிற நீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்கும். பேதி இரண்டு மூன்று நாள் நீடிக்கலாம். அதைப் பார்த்துக் கரைசல் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்."

"நீடிக்கலாம்" என்பதில் உள்ள தயக்கம் உண்மையான தயக்கம், அது இருக்கிறது. "நிறுத்தாது" என்று மட்டும் விட்டிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும். அதை இளக்க "எனலாம்" தேவைப்படவில்லை. அதைக் கேட்ட அம்மாவின் மனதில் அடுத்து எழும் பயத்துக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் போதுமாக இருந்தது.

இன்னொரு வகைத் தயக்கம் மரியாதைக்காக வந்தது. "கண்கள் குழிவிழுந்து காணப்படினும், குழந்தை சோர்வுற்று நீர் அருந்த இயலாத நிலையில் காணப்படினும், மலத்தில் இரத்தம் காணப்படினும் மருத்துவரை அணுகுவது நல்லது எனலாம்." இந்தக் கட்டுரையிலேயே அவசரமான வரி இதுதான், அது "நல்லது எனலாம்" என்று முடிகிறது. ஏன் சார் என்றேன். "எல்லாருக்கும் பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா தம்பி? பஸ் இல்லாத ஊர்ல இருக்கிறவளைப் போய் உடனே போன்னு எப்படி அதட்டுறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்தக் கரிசனம் வாக்கியத்தில் தெரியவில்லை, சந்தேகமாகத்தான் தெரிந்தது. கரிசனத்தையே எழுதிவிட்டோம்: "கண் குழிவிழுந்திருந்தாலோ, துவண்டுபோய்க் குடிக்க முடியாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தூரமாக இருந்தால் கரைசலைக் கையோடு எடுத்துக்கொண்டு, குடிக்கிற குழந்தைக்கு வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள்."

19இல் ஆறு அப்படியே இருக்கின்றன. ஆன்டிபயாடிக் பற்றிய வரியில் "பெரும்பாலான பேதிக்கு" என்பதில் கைவைக்கவே இல்லை. "துத்தநாகம் வழங்கப்படுவது பரிந்துரைக்கப்படுகிறது" என்பதில் பரிந்துரைப்பது யார் என்று கேட்டதும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், 2004இலிருந்து, என்று பதில் வந்தது, அதையே போட்டோம்.

நிரப்புச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "கரைசலானது" என்பதில் உள்ள ஆனது, "நோயாகும்" என்பதில் உள்ள ஆகும், "ஒரு முக்கியமான ஒரு" என்று இரண்டு ஒரு, எல்லாம் எந்தச் சேதாரமும் இல்லாமல் உதிர்ந்தன. "நாம் அனைவரும் அறிந்த ஒன்றே" என்றால் அப்புறம் எதற்குச் சொல்வது? ஒரே ஒரு "என்பது குறிப்பிடத்தக்கது"வை மட்டும் டாக்டர் விடாப்பிடியாகத் திருப்பிப் போட்டார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பேதி வருவது குறைவு என்ற வரியில். "இது நெஜமாவே குறிப்பிடத்தக்கதுதானே?" என்றார். சரி சார் என்றேன். கட்டுரை அவருடையது.

792 சொல்லில் வந்து நின்றது. அக்காவுக்கு மறுபடி அனுப்பினேன். இந்தமுறை ஒரு மணி நேரம் கழித்து அழைத்தாள். நல்லா இருக்குடா, டாக்டர் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு என்றாள். அப்புறம் கேட்டாள்:

"அது சரி, பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர்லன்னு போட்டிருக்கியே, எந்தப் பாக்கெட்? எங்க தெருமுனைக் கடையில இருக்கிறது சின்னது. 200 மில்லிக்கானது. அதப்போய் ஒரு லிட்டர்ல கரைச்சா என்னத்துக்கு ஆகும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். "உரிய அளவு நீரில்" என்று எழுதியிருந்தார். உரிய, தகுந்த, தேவையான ஆகிய மூன்றையும் முதல் நாள் ராத்திரியே தவிடு என்று முடிவுகட்டி, அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு லிட்டரைத் தைரியமாகப் போட்டிருந்தேன். அவருடைய சொல் மங்கலாக இருந்தது, ஆனால் சரியாக இருந்தது. என்னுடையது பளிச்சென்று இருந்தது, பாதிப் பேருக்குத் தப்பு. டாக்டருக்குமே இது கண்ணில் படவில்லை. அவர் மனதில் இருந்தது பெரிய பாக்கெட்.

எட்டு சொல்தான் இடம் மிச்சம் இருந்தது. துத்தநாக வரியில் இன்னும் கொஞ்சம் பிடுங்கி, அந்தப் பத்தியின் தொடக்கத்தை மாற்றினேன்: "ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று உறையிலேயே போட்டிருக்கும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரைத்துக்கொள்ளுங்கள்." 804 வந்தது. பக்கம் கட்டுகிற தம்பியிடம் சொல்லி, படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னேன்.